மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தொண்ணூறு ரூபாய்

நடனசபாபதி அண்ணனின் கூரியருக்கு ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையின் முன்பக்கம் ஒரு மேஜை, ஒரு தராசு, சுவரில் நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த கட்டணப் பட்டியல். வெளியே அவருடைய பழைய பைக். மேஜைக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை கொடுக்கிறார். அவர் அதிகம் பேசமாட்டார், எனக்கோ வாய் ஜாஸ்தி. அதனால் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும். சிதம்பரத்துக்கு எண்பது ரூபாய். மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தொண்ணூறு. "நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு எம்பது, பதினாறு கிலோமீட்டருக்குத் தொண்ணூறா? எந்த ஸ்கூல்ல கணக்குப் படிச்சாரு இவரு?" என்று கேட்பார்கள்.

எனக்குக் கோபம் வரும். ஆனால் முதல் தடவை அந்தப் பட்டியலை அடித்தபோது நானும் அதையேதான் கேட்டேன். அண்ணன் அன்றைக்குப் பொறுமையாகச் சொன்னார்.

"சிதம்பரம் நான் தெனம் போற ஊரு பிரியா. போறப்ப ஆறு பார்சல், வர்றப்ப அஞ்சு பார்சல். வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா பெட்ரோல். போக வர நூத்தி எம்பது ரூபா ஆவுது. பதினொரு பேரு பங்கு போட்டா ஆளுக்குப் பதினேழு ரூபாகூட வராது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஒரே ஒரு பார்சல். போக வர முப்பத்தி ரெண்டு கிலோமீட்டரு. அறுவத்தஞ்சு ரூபா பெட்ரோல அந்த ஒருத்தருதான் தாங்கணும். வர்றப்ப வண்டி வெறும் வண்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல போயிடும், அதுக்கு யாரு குடுப்பா?"

ஆக, அவருடைய பட்டியலில் தூரம் மட்டும் கணக்கில்லை. ஊருக்குள்ளே முப்பது. நெல்லிக்குப்பம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், புதனும் சனியும் நான்கைந்து பார்சல் சேர்த்து எடுத்துப் போவார், அதனால் ஐம்பது. தினம் போகிற சிதம்பரம் எண்பது. கேட்டால் மட்டும் தனியாகப் போகிற ஊர்கள் தொண்ணூறும் அதற்கு மேலும். திட்டக்குடி என்று யாராவது கேட்டால், "பஸ்ல போட்டு வுட்டுருங்க" என்று சொல்லிவிடுவார். திரும்பி வரும்போது வண்டியில் என்ன இருக்கும் என்பதை வைத்துத்தான் அவர் விலை வைப்பார். மனுஷன் வெவரம்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்த வெவரமான மனுஷன் போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை என்னிடம் வந்து, பட்டியலில் மேல்பட்டாம்பாக்கத்தை நெல்லிக்குப்பத்தோடு சேர்த்து ஐம்பது ரூபாய் என்று மாற்றி அடிக்கச் சொன்னார்.

"ஏன்?" என்றேன்.

"நாலு கிலோமீட்டர்தானே ஜாஸ்தி" என்றார்.

என்னைச் சமாளிக்க அவர் சொன்ன சாக்கு அது. உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் பிளவுஸ் கடை வைத்திருக்கும் சத்யப்பிரியா, வெட்டிய துணிகளை வாரம் இரண்டு தடவை மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் மகேஸ்வரிக்குக் கொடுத்தனுப்புவாள். மகேஸ்வரி கொக்கி கட்டி, ஓரம் அடித்து, ஆரி வேலை செய்து வைப்பாள். அண்ணன் புதியதைக் கொடுத்துவிட்டு, முடிந்ததை வாங்கி வருவார். போகத் தொண்ணூறு, வரும்போது அந்தச் சுமைக்கு நாற்பது. இந்த நூற்று முப்பது ரூபாய் கட்டுப்படியாகவில்லை, இங்கேயே பக்கத்தில் ஒரு பெண்ணை வைத்துக்கொள்கிறேன் என்று சத்யப்பிரியா சொல்லிவிட்டாள். சொன்ன மறுநாள்தான் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

"அந்தம்மாவுக்கு மட்டும் கொறச்சுக்குங்க. பட்டியல்ல ஏன் போடுறீங்க?" என்றேன்.

"ஒருத்தருக்கு ஒரு வெல, இன்னொருத்தருக்கு ஒரு வெல வெச்சா அது தொழிலா பிரியா? போடணும்னா எல்லாருக்கும் போடணும்."

இந்த மாதிரி நேர்மையைப் பார்த்தால் எனக்குத் தலைவலிதான் வரும். இருந்தாலும் அடித்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல்பட்டாம்பாக்கத்தில் அத்தனை பேருக்கும் கடலூரில் ஏதோ ஒன்று தேவைப்பட ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஒருவருக்கு மருந்து, செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு மிக்ஸி ஜார், வியாழக்கிழமை யாரோ மறந்து விட்டுப்போன ஆதார் கார்டு. எல்லாம் ஒற்றைப் பார்சல், நெல்லிக்குப்பத்துக்கு வேறு சுமை இல்லாத நாட்கள். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அறுபத்தைந்து ரூபாய்க்குப் பெட்ரோல் எரித்துவிட்டு வந்தார் அண்ணன். நான் சுவரில் இருந்த பட்டியலைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெட்ரோல் நஷ்டம்கூடப் பெரிதில்லை. காலையில் மேற்கே போய்த் திரும்பி, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சுமையை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குச் சிதம்பரம் கிளம்ப வேண்டியவர், பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் கிளம்பினார். சிதம்பரத்தில் ஜெயப்பிரகாஷ் என்பவர் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர். கடலூர்க் கண்ணாடிக் கடைகளுக்கு அவர் அனுப்புவதுதான் அண்ணனுக்குத் திரும்பி வரும்போது கிடைக்கும் சுமை. அது இல்லாவிட்டால் சிதம்பரத்து எண்பது ரூபாயும் கட்டுப்படியாகாது. ஆவணி பிறந்து இரண்டாவது நாள் ஜெயப்பிரகாஷ் போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. கடைக்காரங்க சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி வேணும்னு கேக்குறாங்க. நீங்க பன்னண்டு மணிக்குள்ள வந்து நின்னாத்தான் இன்னிக்கு வண்டி உண்டுன்னு எனக்குத் தைரியம். இந்த வாரத்துல மூணு நாளு பஸ்ல போட்டு வுட்டேன். அடுத்த வாரமும் இப்பிடியே போச்சுன்னா பஸ்ஸோடயே பேசி முடிச்சுடுவேன்."

போனை வைத்ததும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். அவர் நேரம் குறித்து வைக்கும் நோட்டை இழுத்துப் பிரித்தேன். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று ஒவ்வொரு நடையும் எழுதியிருப்பார். நெல்லிக்குப்பத்தில் நான்கு வீடு, இருபத்தைந்து நிமிடம். மேல்பட்டாம்பாக்கத்தில் மகேஸ்வரி வீடு ஒன்றுதான், நாற்பது நிமிடம். அடுத்த புதனும் நாற்பது. அதற்கடுத்த சனி நாற்பத்தைந்து.

"ஒரு பைய குடுத்துட்டு ஒரு பைய வாங்க நாப்பது நிமிஷமா? என்னா பண்றீங்க அங்க?"

வாசலில் யாரோ இரண்டு பக்கம் ஜெராக்ஸ் கேட்டு நின்றார்கள். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தேன்.

"ஒக்காருவேன். பீஸ எண்ணி வாங்கணும்ல. அந்தப் பொண்ணு எண்ணிகிட்டே பேசும். வூட்டுக்காரரு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுறாரு, அந்தக் கத, புள்ளைங்க மார்க்கு கத. 'அண்ணே, போன தடவ இருமிகிட்டு இருந்தீங்களே, இப்போ பரவால்லியா'ன்னு கேக்கும். ஒங்க அண்ணி போனப்புறம் என்னைய யாரும் அப்பிடிக் கேட்டதில்ல பிரியா. பொண்ணு ஓசூர்ல ஷிப்டு வேல, ஞாயித்துக்கெழம பேசுவா. மத்த வூட்ல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுக் கதவச் சாத்திடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணி இறந்து நான்கு வருஷம். நான்கு வருஷமாக என் கண் முன்னால்தான் இருமுகிறார். ஒரு நாளாவது கேட்டேனா? வாடகை வாங்கினேன், சண்டை போட்டேன், வாய் ஜாஸ்தி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"அதுக்காகச் சிதம்பரத்த வுட்டுடுவீங்களா? சோத்துக்கு என்னா பண்ணுவீங்க? நாளைக்கே தொண்ணூறுன்னு மாத்துறேன்" என்றேன்.

"மாத்து. ஆனா நான் போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன். வேல போவப் போவுது, திடீர்னு தெரியக் கூடாது" என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே போனார். பார்சல் எதுவும் இல்லை, அந்த நடைக்குக் கட்டணமும் இல்லை. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஐம்பது ரூபாய் கட்டுப்படியாகவில்லை, நேரம் போகிறது, சிதம்பரம் கைவிட்டுப் போகும்போல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். நேரம் எப்படிப் போனது என்பதை மட்டும் விட்டுவிட்டார். மகேஸ்வரி கவனமாகக் கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், அங்கேயே ஒரு வழி சொல்லிவிட்டாள்.

"இதுக்கா அண்ணே கவலப்படுறீங்க? நீங்க இம்மாந்தூரம் வர வேணாம். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸு சும்மாதானே? புதனும் சனியும் நெல்லிக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து பைய வாங்கிக்கிறேன். முடிஞ்சதையும் எண்ணிக் கட்டி எடுத்தாந்துடுறேன். பிளவுஸ் கடை அக்காவுக்கும் அம்பது ரூபாதான் ஆவும். ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு வேலை போகவில்லை. சத்யப்பிரியாவுக்குக் காசு மிச்சம். பட்டியலில் மேல்பட்டாம்பாக்கம் தொண்ணூறுக்குத் திரும்பியது, ஒற்றைப் பார்சல்காரர்கள் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். அண்ணன் பதினொன்றரைக்கெல்லாம் சிதம்பரத்தில் நின்றார். ஜெயப்பிரகாஷ் பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி பொட்டலங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல மகேஸ்வரி பேசுதா?" என்று பத்து நாள் கழித்துக் கேட்டேன்.

"பேசும். ஆனா வந்த பஸ்ஸே திரும்பிப் போவுதுல்ல, அத வுட்டா அடுத்தது ஒரு மணி நேரம். பைய மாத்திகிட்டு ஓடும். ஜன்னல்லேருந்து கை காட்டும்."

"இப்போ சிதம்பரத்துலயாவது நேரம் கெடைக்குதுல்ல. மதியத்துல கொஞ்சம் படுத்து எந்திரிங்க" என்றேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"கெடைக்குது. பன்னண்டரைக்கே எல்லா வூட்டுக்கும் குடுத்து முடிஞ்சுடுது. லென்ஸ் கட்டி முடிக்க ரெண்டு மணி ஆவும். கீழ வீதியில வண்டிய நெழல்ல போட்டுட்டு ஒக்காந்திருப்பேன். நேத்து யார்கிட்டயாவது பேசலாமேன்னு போன்ல பேரெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துகிட்டே போனேன். முந்நூறு பேரு இருக்காங்க பிரியா. எல்லாம் பார்சல்காரங்க."

சொல்லிவிட்டுப் போனை என் பக்கம் நீட்டினார், நான் நம்பமாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் விரலால் தள்ளிப் பார்த்தேன். டெய்லர், மருந்துக் கடை, லென்ஸ், வக்கீல் ஆபீஸ். நடுவில் என் நம்பரும் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெராக்ஸ்' என்று போட்டிருந்தார்.