ஆறு குறுஞ்செய்திகள்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடியிலிருந்து இணையத்தில் வீட்டுச் சாமான்கள் விற்றோம். ஆர்டர் போட்டவருக்குப் போகும் குறுஞ்செய்திகளை அமைப்பது என் வேலை. வரலாற்று நூல்கள் படித்துக் கெட்டவன் நான். பதிவானது, பணம் வந்தது, பொட்டலம் கட்டியாயிற்று, அனுப்பியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது, சேர்ந்தது என்று ஆறு செய்திகளை, ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் வைத்து எழுதினேன். ஓர் அரசனுக்குக்கூட இவ்வளவு துல்லியமான வரலாறு வாய்த்திருக்காது.

எண்ணூரிலிருந்து ஒரு வெல்டர் போன் செய்தார். மிக்சி ஆர்டர் போட்டவர்.

"அனுப்பியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சேன்னு லீவு போட்டுக்கினு வூட்லயே குந்திகினு இருந்தேன். வரல. மறுநாள் வேலைக்குப் போனா, ஆளு வந்து பூட்ட பாத்துட்டுப் போய்ட்டானாம், பக்கத்து வூட்ல சொல்றாங்க. ஆறு மெசேஜ் வச்சிகீறியே நைனா, நான் எப்ப வூட்ல இருக்கணும்னு ஒண்ணுலயாவது சொன்னியா?"

அனுப்பியாயிற்று என்றால் கூரியரிடம் கொடுத்தாயிற்று என்றுதான் பொருள். அது எனக்குத் தெரியும், கூரியருக்குத் தெரியும். வீடு பூட்டியிருக்கலாம் என்பதோ என் வரலாற்றிலேயே இல்லை.

அன்றே மாற்றினேன்: "கூரியரிடம் கொடுத்துவிட்டோம், இன்று காத்திருக்க வேண்டாம்." "இன்று வருகிறோம், யாராவது வீட்டில் இருங்கள்." "வந்தோம், பூட்டியிருந்தது, நாளை வருவோம்." பெருமையாக அவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"நாளைக்கும் லீவு போட முடியாது. பக்கத்து வூட்ல குடுக்கச் சொல்லு," என்றார்.

அதற்கும் என்னிடம் செய்தி இல்லை.