மஞ்சள் பூசிய கன்னமும் ஆறாம் நம்பர் குப்பியும்

மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் எஸ்டேட்டில் எல்லா அப்பன்மாருக்கும் ஏதாவது ஒரு வேலை தருவார்கள். எனக்குத் தந்தது ஏறக்குறைய காலியான ஒரு குப்பி.

பாரோய் ஊரிலிருந்து வரும் மேக்கப்காரம்மா, ஒத்திகையின்போது மகளின் முகத்துக்குப் பூசிய கிரீம் அதில்தான் இருந்தது. “அடியில கொஞ்சம்தான் மிச்சம். இதே கலர்ல புதுசு வாங்கி வைங்க” என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மனைவி என்னிடம் கொடுத்தாள். மகளுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, வாசலைத் தாண்டக் கூடாது. ஆகவே மணமகளின் முகத்துக்குப் பொறுப்பு, இருபது வருஷமாக ஒரே சோப்பில் தலையும் முகமும் கழுவும் நான்.

குப்பியின் லேபிள் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. பெயர் என்று பார்த்தால் தங்க நிறத்தில் பாதிப் பூ ஒன்று மட்டும் மிச்சம். அடியில் ஒரு நீள எண் இருந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு, குப்பியையும் எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பகா டவுனுக்குப் பறந்தேன்.

அழகுசாதனக் கடையில் நின்ற பெண் என் கையைப் பார்த்தாள்.

“அங்கிள், இது கலர் நம்பர் இல்லலா. எப்ப செஞ்சாங்கன்னு கம்பெனிக்காரன் போட்ட நம்பர்.”

“அப்ப கலர் எங்கம்மா?”

அவள் குப்பியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்தாள். ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஆறு என்பது தெரிந்தது. பக்கத்திலிருந்த எழுத்து அழிந்திருந்தது.

“நம்பர் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெள்ளைனு சொல்லும். எழுத்து மஞ்சள் சாயலா, ரோஸ் சாயலானு சொல்லும். ஆறுலயே ரெண்டும் இருக்கு.”

ரோஸ் சாயலில் மணமேடையில் உட்காரும் மகளை நினைத்துப் பார்த்தேன். சம்பந்தி வீட்டார் என்னை எந்த நிறத்தில் நினைப்பார்கள் என்பதும் கூடவே வந்தது.

“போட்டோ இருக்கா?”

காலையில் நலங்கில் எடுத்ததைக் காட்டினேன். கன்னம் முழுக்க மஞ்சள்.

“ஐயோ அங்கிள், இதுல அவங்க ஸ்கின் எங்க இருக்கு?”

“எல்லாரும் என் நிறம்னுதான் சொல்வாங்க. என்மேல பூசிப் பாரும்மா.”

அவள் என் முகத்தைச் சற்று நேரம் ஆராய்ந்தாள். தொப்பி மறைத்த நெற்றி ஒரு நிறம், வெயில் தின்ற கன்னம் இன்னொரு நிறம். “உங்களுக்கே ரெண்டு குப்பி வேணும்” என்றாள். ஆனாலும் என் தாடையில் இரண்டு ஆறிலும் ஒவ்வொரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த வழி உதவாது என்று விட்டாள். பிறகு, பழைய குப்பியில் மேலே காய்ந்து கறுத்திருந்ததை ஒதுக்கி, அடியில் ஈரமாக இருந்ததைக் குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் தடவினாள். பக்கத்தில் கடையின் இரண்டு ஆறுகளையும் தடவி, எல்லாவற்றையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மஞ்சள் சாயல்தான் ஒத்துவந்தது.

“வீட்டுல தாடையில பூசி, காய விட்டுப் பாருங்க. பகல் வெளிச்சத்துல. சரியில்லன்னா மூடுறதுக்கு முன்ன வாங்க.”

வீட்டுக்கு வந்து சன்னலோரம் மகளை உட்காரவைத்து, தாடையில் நானே பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் சாம்பல் தட்டிய திட்டு. மஞ்சள் சாயல் என்று வாங்கியது சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது!

“போச்சு! கடை மூடிடும்! என் சாவி எங்க?”

“கையிலதான் இருக்கு” என்றாள் மனைவி.

“அப்பா, கொஞ்சம் உக்காருங்கலா” என்றாள் மகள்.

“உக்கார நேரமா இது? நீ ரோஸா? மஞ்சளா? ஒழுங்காச் சொல்லு!”

“காலைலேருந்து அத்தைங்க எத்தனை பேரு மஞ்ச பூசினாங்க? தாடையில மஞ்ச மேல பூசிட்டு, கிரீம் வெளுத்துப்போச்சுன்னு கத்துறீங்க.”

அவள் முடியை ஒதுக்கி, காதுக்குக் கீழே கழுத்தைக் காட்டினாள். அத்தைமார் கை எட்டாத இடம். அதுதான் அவள் சொந்த நிறம். அங்கே ஒரு கோடு இழுத்தேன். காத்திருந்தோம். காத்திருப்பது என் குணமில்லை. இரண்டு முறை ஊதினேன், இரண்டு முறை திட்டு வாங்கினேன். மெல்ல, கோடு எங்கே என்றே தெரியாமல் போனது.

“முகத்துக்கு?”

“ராத்திரி கடலை மாவு போட்டுக் கழுவினா மஞ்ச இறங்கிடும். மேக்கப் அக்கா கழுத்தோட சேர்த்துத்தான் பாப்பாங்க.”

நிம்மதியில் வெளியே போய்ப் பந்தல்காரரை இரண்டு அதட்டு அதட்டினேன். வந்த சொந்தங்களை வாசலில் நின்று வரவேற்றேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துச் சிரித்தார்கள்; மணப்பெண்ணின் அப்பனுக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் முகம் கழுவப் போனபோதுதான் கண்ணாடியில் பார்த்தேன். தாடையில் இரண்டு கோடு, ஒன்று மஞ்சள் சாயல், ஒன்று ரோஸ். இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை.