அப்பப்பாவின் கன்னத்தில் ஒரு கை

எங்கள் குடும்பத்தை மரமாக்கிச் சுவரில் மாட்டும் ஆசை, பெரியப்பாவுக்குப் புத்தூரில் புதுவீடு கட்டியபோது வந்தது. புதுமனை புகும் குடிபூரலுக்கு வருகிறவர்கள் எங்கள் வம்சத்தைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும். அடிமரத்தில் அப்பப்பா, கிளைகளில் பிள்ளைகள், நுனிகளில் நாங்கள். அப்பாவின் அக்காவான மாமிக்கு மட்டும் கிளையில்லை. அவர் குருநகரில் ஒரு கிறிஸ்தவ வேதக்காரரைக் கலியாணம் செய்த நாள்முதல், பெரியப்பாவுக்குத் தங்கச்சியே கிடையாது.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரரிடம் படங்களைக் கொடுத்தோம். கலியாணக் கூட்டப் படம், அடையாள அட்டைப் படம், கனடாவிலிருந்து கைபேசியில் வந்த படம் என்று ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு வெளிச்சம். அவர் பின்னணியை வெட்டி, தலைகளை ஒரே அளவாக்கி, எல்லா முகத்திலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தே விழும்படி கணினியில் நீர்வண்ணமாகக் கீறினார். அப்பப்பாவிடம் வந்ததும் வேலை நின்றது. எங்களிடம் இருந்தது தபால்தலை அளவு மங்கல் படம். பெருப்பித்தால் கண்ணும் மூக்கும் கரைந்து போயின.

தெளிவான படம் மாமியிடம்தான் இருந்தது. பெரியப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மாமி படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தந்து, எங்களுக்கு மீன் பொரித்தார். தன்னையும் போடுகிறீர்களா என்று கேட்கவேயில்லை. மாமியும் எப்படியாவது மரத்தில் ஏறிவிட வேண்டுமென்று நான்தான் நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன்.

படத்தில் அப்பப்பாவின் மடியில் குழந்தையாக மாமி. அவர் சின்னக் கை அப்பப்பாவின் கன்னத்தை அப்பிக்கொண்டிருந்தது.

பெரியப்பா அப்பாவோடும் என்னோடும் ஸ்ரூடியோவுக்குப் பார்க்கப் போனபோது திரையில் மரம் முடிந்திருந்தது. மடிக் குழந்தையை வெட்டியாயிற்று, கை மட்டும் கன்னத்தில் அப்படியே இருந்தது.

"உந்தக் கையை எடும்" என்றார் பெரியப்பா.

"கையை எடுத்தால் அதுக்குக் கீழ கன்னம் இல்லை ஐயா. நான் கீறினால் அது வேற ஆரின்ரையோ கன்னமாப் போகும்" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

"ஆரின்ரை கை எண்டு வாறவை கேப்பினமே?"

"கேட்டால் சொல்லத்தானே வேணும் அண்ணை" என்றார் அப்பா.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒரு கையை மட்டும் போட்டு ஆளை விட்டால் சனம் சிரிக்கும். அவளுக்கும் ஒரு கிளை கீறும்" என்றார்.

ஸ்ரூடியோக்காரர் வலப்பக்கக் கிளைகளை ஒதுக்கி இடம் கண்டார். குடிபூரலுக்கு மாமி குடும்பத்தோடு வந்தார். பெரியப்பா அவரிடம் கதைத்தது "சாப்பிட்டனியே" என்ற ஒரு சொல்தான். மாமிக்கு அது போதுமாயிருந்தது.

இன்று நானும் அதே ஸ்ரூடியோத் தொழில்தான் செய்கிறேன். மறைந்த கன்னத்தைக் கொண்டுவருவது பெரிய வித்தையல்ல. மற்றக் கன்னத்தைப் பிரதியெடுத்து, திருப்பி வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்தால் போதும். அன்றோ, பாவம் அந்த ஸ்ரூடியோக்காரருக்கு வேலை தெரியாது என்றே நினைத்தேன். குடிபூரல் முடிந்த மறுநாள் அப்பா அவருக்கு ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலை தெரியாத ஆளுக்கு எதற்கு மாம்பழம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.