நோட்டின் நடுவே ஒரு கோடு

புத்தலப்பட்டு சபையில் புதிய விசுவாசிகளுக்கு நான்தான் ஜெபப் பாடம் எடுப்பேன். துதி, பாவ அறிக்கை, ஸ்தோத்திரம், விண்ணப்பம், பிறருக்கான மன்றாட்டு என்று வகைகளை விளக்குவேன். "தினமும் ஒரே நேரத்துல உக்காருங்க. தூக்கம் வந்தா நடந்துக்கினே ஜெபிங்க. மனசு அலைஞ்சா வாய்விட்டுச் சொல்லுங்க" என்பேன். நோட்டின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் விண்ணப்பமும் வலப்பக்கம் கிடைத்த பதிலும் எழுதச் சொல்வேன்.

அப்படிப் படிக்க வந்தவர்களில் தனம் ஒரு நாளும் தவறவில்லை. அவள் நோட்டின் இடப்பக்கம் முழுக்க, திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த மகளின் பெயர்தான்.

மகளை அடக்கம் செய்த மறுவாரமும் வந்து, வலப்பக்கம் காலியாக இருந்த நோட்டை நீட்டினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் என்னா எழுதறது? நீயே எழுதிக் குடு."

'தேவ சித்தம்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு பேனாவைக் கீழே வைத்தேன். நோட்டை மூடிக் கொடுத்தேன். அப்புறம் அவள் வரவேயில்லை.

இன்றும் அதே பாடத்தைத்தான் எடுக்கிறேன். கோடு மட்டும் போடச் சொல்வதில்லை.