முப்பதாவது கிலோமீட்டரில் பத்து நிமிடம்

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முதன்முறையாகத் தனியாகத் திட்டம் போட்டேன். போன வருடம் வரை, தாம்பரத்தில் என் பக்கத்து வீட்டிலிருந்த தோழியும் நானும் சேர்ந்துதான் போடுவோம், ஓடுவோம். இப்போது அவள் மகனோடு கனடாவில் இருக்கிறாள்.

நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போனால் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், அதில் ஐந்து நிமிடம். முப்பதாவது கிலோமீட்டர் பந்தலை நான்கு மணி இருபத்தைந்து நிமிடத்தில் தொட்டுவிடலாம். நான்கே முக்கால் மணி நேரத்துக்குள் அங்கிருந்து கிளம்பாதவர்களை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பந்தலுக்கு மட்டும் பத்து நிமிடம் எழுதியிருந்தேன். அங்கேதான் அவள் ஷூவைக் கழற்றி, சாக்ஸ் மாற்றி, வெயிலைத் திட்டி முடிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அழித்து ஐந்து என்று போட்டேன். மறுபடியும் பத்தாக்கினேன்.

ஓட்டத்தன்று அங்கே உப்பு போட்ட உருளைக்கிழங்கை இரண்டே நிமிடத்தில் தின்று முடித்தேன். தண்ணீர் ஊற்றிய பெண், "அக்கா, கெளம்புங்க, டைம் போய்க்கினே கீது" என்றாள்.

"இரும்மா, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்த என் தண்ணீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தேன்.