சக்கர அளவு பதினெட்டு

நான் கணித ஆசிரியர். வட்டத்தின் சுற்றளவை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்தவன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில் அந்தப் பற்றரிச் சைக்கிளை வாங்கினோம். அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு மனைவி போய்வர. வேகம் காட்ட அதில் தனியாக ஒன்றும் கிடையாது. போனைப் புளூடூத்தில் இணைத்துக் கைப்பிடியில் மாட்டினால் வேகமும் தூரமும் தெரியும். நிறுத்திய இடத்தில் போனாலேயே பூட்டலாம், திறக்க நான்கு இலக்கம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றரைத் தாண்டினால் மோட்டார் தானாக ஓய்ந்துவிடும்.

அந்த இருபத்தைந்துதான் மனைவிக்குப் பிடித்தது. அவளுடைய தம்பி மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய்ச் செத்தவன். அதன் பிறகு இயந்திரம் பூட்டிய எதையும் அவள் ஓட்டியதில்லை.

"இருபத்தைஞ்சுக்கு மேல போகாதெண்டால் நான் ஓடுறன்," என்றாள்.

அவளிடம் கொடுக்குமுன் ஒரு கிழமை நான் ஓடிப் பார்த்தேன். பின்னால் வரும் பஸ்காரன் எல்லாம் என்னை மாட்டைக் கலைப்பதுபோல ஹோர்ன் அடித்துக் கலைத்தான். எரிச்சல் தாங்கவில்லை. போனில் அதற்கான அப்பை நோண்டியபோது சக்கரத்தின் அளவு என்று ஓர் இடம் கண்டேன். இருபத்தாறு அங்குலம். சைக்கிள் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, அந்த அளவால் பெருக்கித்தான் வேகத்தைச் சொல்கிறது. சக்கரம் சிறியது என்று நம்பவைத்தால் வேகமும் குறைவு என்று நம்பும், அடக்காமல் ஓடவிடும். பதினெட்டு என்று மாற்றினேன். போன் இருபத்து நான்கு என்றது, காற்று காதில் இரைந்தது. பஸ்காரனுக்கு முன்னால் போனேன். அன்று எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

மாற்றியதைத் திருப்பி வைக்காமலே சைக்கிளை அவளிடம் கொடுத்தேன். மறந்துவிட்டேன். அவள் தன்னுடைய போனை இணைத்தாள். அளவு சைக்கிளுக்குள்ளேயே பதிந்திருந்ததால் அவளுடைய போனும் அதே பொய்யைச் சொன்னது.

மறந்தது சில நாட்கள்தான். ஒரு மாலை அவள் கேட்டாள்: "இஞ்சருங்கோ, ஒஃபிசுக்கு அஞ்சு கிலோமீற்றர் எண்டு சொன்னனீங்கள். இது மூண்டரைதானே காட்டுது?"

அப்போதுதான் அந்தப் பதினெட்டு நினைவுக்கு வந்தது. "போன் அப்பிடித்தான், கொஞ்சம் முன்பின்னாக் காட்டும்," என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பியைப் பறிகொடுத்தவளிடம், 'நீர் இவ்வளவு நாளும் முப்பத்தைந்தில் போயிருக்கிறீர்' என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

அடுத்த கிழமை கோட்டைப் பக்கம் கூட்டமாகத் திரியும் மான்களில் ஒன்று அவளுக்கு முன்னால் வீதியைக் கடந்திருக்கிறது. அவள் மயிரிழையில் தப்பினாள்.

"இருபத்துநாலிலதான் போனனான். பிரேக் பிடிச்சும் நிக்கேல்லை," என்று வந்து சொன்னாள்.

நான் ஸ்பானரை எடுத்து பிரேக்கை இறுக்கிக் கொடுத்தேன். அளவைத் தொடவில்லை. தொட்டால் சைக்கிள் மெதுவாகும், ஏன் என்று கேட்பாள். அந்த இரவிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் வாசல் படலையைத் தாண்டும்போது ஏதோ ஒன்று எங்கேயோ அவளுக்காகக் காத்து நிற்பதுபோல இருக்கும். அவள் திரும்பி வந்து, போன்மூலம் சைக்கிளைப் பூட்டும் 'பீப்' சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

ஒரு வியாழக்கிழமை அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள்.

மூதூரிலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு வயதான அம்மா, பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடந்திருக்கிறார். மனைவி இறுக்கிப் பிரேக் பிடித்தும் இடித்துவிட்டாள். அவளுக்கு முழங்கை உரசல். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு.

"பறந்து வந்தவ! சனமெல்லாம் பாத்த!" என்று அந்த அம்மாவின் மகன் பொலிஸ்காரருக்கு முன்னால் கத்தினான்.

மனைவி அழவில்லை. போனைத் திறந்து நீட்டினாள். "இதில இருக்கு, பாருங்கோ. ஒருநாளும் இருபத்தைஞ்சுக்கு மேல நான் போனதில்லை."

அன்றைய பயணத்தின் ஆகக்கூடிய வேகம்: இருபத்து நான்கு. பொலிஸ்காரர் அதைப் பார்த்து எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு கட்டிலில் கிடந்த அந்த அம்மாவே வழக்கை முடித்துவைத்தார். "அவங்கள ஒண்டும் செய்யாதீங்க. நான் பாத்துத்தான் கால வெச்ச. சைக்கிள் எட்டத்திலதான் வந்த. எண்ட கண்தான் பிழை போல, மகள்," என்று மனைவியின் கையைப் பிடித்தார்.

மகன் அடங்கிப்போனான். "இனி உம்மாவத் தனிய எங்கயும் விடமாட்டன்," என்றான்.

மூன்று கிழமை அவள் சைக்கிளைத் தொடவில்லை. திரும்பவும் ஓடப்போகிறேன் என்று சொன்ன காலை, அவள் குளிக்கும்போது நான் என் போனை இணைத்து பதினெட்டை இருபத்தாறாக்கினேன். சொல்லத் துணிவில்லாதவன் தடயத்தை அழிக்கிறான், அவ்வளவுதான்.

பின்னேரம் அவள் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றாள். போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பழைய பயணங்கள் வரிசையாக இருந்தன: மூன்றரை, மூன்றரை, மூன்றரை. மேலே இன்றையது: ஐந்து.

"றோட்டு நீண்டிட்டுதோ?" என்றாள். "இருபத்துநாலெண்டு காட்டுது, நத்தை மாதிரிப் போகுது. என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மானுக்குப் பிறகு பிரேக்கை மட்டும் இறுக்கியதையும்.

"அப்ப அண்டைக்கு எவ்வளவு?"

"முப்பத்தைஞ்சுக்குக் கிட்ட."

அவள் இறங்கி, சைக்கிளைப் பூட்டினாள். அங்கேயே நின்று போனில் ஏதோ அழுத்தினாள். பூட்டின் இலக்கத்தை மாற்றினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் தனியாக மூதூருக்குப் பஸ் ஏறினாள். "நானும் வாறன்," என்றேன். "நீங்கள் வரவேண்டாம். அங்கயிருந்து பொலிசுக்கும் போறன்," என்றாள்.

பொழுது சாயும்போது வந்து கதிரையில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த அம்மா பேசினாரா என்று கேட்டேன்.

"மகன் வாசலிலயே ஏசினவன். அம்மா ஏசேல்லை," என்றாள். "அந்த மனுசி இவ்வளவு நாளும் தனக்குக் கண் பிழையெண்டு நம்பிக்கொண்டு கிடந்திருக்கு. தடியூண்டி நடக்கத் தொடங்கியும் வீட்டு முத்தத்துக்குக்கூட தனிய இறங்கிறேல்லையாம், பயமாம். நான் சொல்லி முடியக் கேட்டுட்டு, விக்கி விக்கி அழுதவ. அழுதுகொண்டு ஒண்டுதான் கேட்டவ."

"என்ன?"

"'அப்ப எண்ட கண் சரிதானே, மகள்?'"