மூன்றாம் கவுண்டரின் சிவப்புக் கட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வங்கியின் சின்னமனூர்க் கிளையில் எல்லோருக்கும் தெரியும். நான் அங்கே உதவி மேலாளர். மாதம் முடிந்ததும் டோக்கன் இயந்திரத்திலிருந்து காத்திருப்பு அறிக்கையை எடுத்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. எந்த நேரத்தில் கூட்டம் அதிகம், எந்தக் கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்றெல்லாம் அதில் வரும். நேரம் கூடினால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும்.

மூன்றாம் கவுண்டர் மட்டும் மாதம் தவறாமல் சிவந்தது. பாஸ்புக், கையெழுத்து மாற்றம், ஆதார் இணைப்பு எல்லாம் அங்கேதான். அதில் இருந்த அம்மாவுக்கு என்னைவிட நான்கு வயது கூட. சிரித்த முகம், ஓயாத பேச்சு. பேச்சுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த மாதமும் சிவந்தால் அவரைப் பின்னறையில் கோப்புகளோடு உட்கார வைக்கச் சொல்லி மண்டலத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்களைப் பார்க்காமல் அவரால் அரை நாள்கூட இருக்க முடியாது. கடிதத்தைப் படித்தவர் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. கிளையில் கூட்டம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஆனால் மூன்றாம் கவுண்டரின் மிக நீண்ட காத்திருப்புகள் எல்லாம் ஒரு மணிக்கு மேல், கூடம் காலியான பிறகு முடிந்திருந்தன. ஆளே இல்லாத நேரத்தில் யாரைக் காக்க வைக்கிறார்? கையும் களவுமாகப் பிடிப்போம் என்று ஒரு நாள் காலையிலேயே அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கை என் கையைவிட வேகம். வாயும் ஓடியது, விரலும் ஓடியது. பத்தரைக்குப் பதினான்காம் எண்ணை அழைத்தார். யாரும் வரவில்லை. "வரவில்லை" பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த டோக்கன் ரத்தாகி, அறிக்கையின் கணக்கிலேயே வந்திருக்காது. அவர் "நிறுத்தி வை" பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். நிறுத்தி வைத்தால், டோக்கன் அச்சான நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம் நிற்பதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், எதுக்கு அதை அழுத்துறீங்க? உங்க தலையில நீங்களே மண்ணைப் போட்டுக்கறீங்க!"

"மலைக்காரவுக சார். மேகமலை பஸ்ஸுல வந்து டோக்கன எடுத்துட்டு, ஆஸ்பத்திரி, கடைன்னு போயிட்டு வருவாக. ரத்து பண்ணிட்டா மறுபடி முதல்ல இருந்து நிக்கணும். ரெண்டு மணி பஸ்ஸ விட்டா பொழுது சாஞ்சுதான் வீடு போய்ச் சேரணும்."

ஒன்றேகால் மணிக்கு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் மருந்துப் பையும் காய்கறிப் பையுமாக மூச்சு வாங்க வந்தாள். "பதினாலாம் நம்பரு!"

"வா ஆத்தா, உன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று அவர் திரையில் அந்த எண்ணைத் தொட்டார். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. அறிக்கைக்கு அது மூன்று மணி நேரக் காத்திருப்பு.

கிளம்பியவளை நிறுத்திக் கேட்டேன். "எவ்வளவு நேரமாம்மா காத்திருக்கீங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் எங்க சார் காத்திருந்தேன்? இப்பத்தான வந்தேன்!"

மூன்றாம் கவுண்டரிலிருந்து சிரிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அழுகையும் வந்தது. அந்த மாத அறிக்கையின் குறிப்புப் பகுதியில் நிறுத்தி வைக்கும் பழக்கத்தை விளக்கி, அந்தப் பெண் சொன்னதையும் அப்படியே எழுதினேன். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "தற்போதைய ஏற்பாடு தொடரலாம்" என்று மண்டலத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. அன்றைக்கு அந்த அம்மாவின் டப்பாவிலிருந்த புளியோதரையில் பாதி என் தட்டுக்கு வந்தது.

பிறகு ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து ஒரு மாதம் முழுக்க பஸ் ஓடவில்லை. அந்த மாத அறிக்கையில் ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை. மண்டலத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேலாளர் அதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது இனிக்கவில்லை.

பாதை திறந்த முதல் நாள். பத்தரை மணிக்கு ஒன்பதாம் எண்ணை அழைத்தார். யாரும் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ரிப்போர்ட்டு செவந்துரும் போல."

"சிவக்கட்டும் மேடம்" என்றேன்.